4,500 வாட் தகடுகள் நண்பகலில் ஏன் 3,400 தருகின்றன?

சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக் கூரையில் 450 வாட் சூரியத் தகடுகள் பத்து, சில ஆண்டுகளாக ஓடுகின்றன. மின்கட்டணம் குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். என்னை உறுத்தியது வேறொன்று. மேகமே இல்லாத மதியத்தில்கூட இன்வெர்ட்டர் ஏறக்குறைய 3,400 வாட்டில் நின்றுவிடுகிறது.

பத்துத் தகடுகளின் பரப்பு 22 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழுந்தால், உள்ளே வருவது 19,800 வாட். தகட்டின் பின்னால் ஒட்டிய 20.7 சதவீதத்தை நம்பினால் 4,100 கிடைக்க வேண்டும். 3,400 என்பது 17 சதவீதம்தான்.

மீதி வெயிலில் கொஞ்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. அகச்சிவப்பில் ஒரு பகுதிக்கு சிலிக்கானில் எலெக்ட்ரானைக் கிளப்பும் வலு இல்லை. நீல ஒளிக்கு வலு மிகுதி. எலெக்ட்ரானுக்குத் தேவையானது போக எஞ்சியது சூடாகிறது. இதைத் தயாரிப்பாளர் மீது போட முடியாது: சிலிக்கானின் கோட்பாட்டு உச்சமே ஏறக்குறைய 29 சதவீதம்தான். பாமாயில் ஆலையிலும் எரித்ததில் சிறு பங்கே மின்சாரமாகும்; ஆனால் அங்கே டர்பைனை விட்டு வரும் நீராவி செம்பனைக் குலைகளை வேகவைக்கிறது. என் கூரைச் சூடு யாருக்கும் உதவுவதில்லை.

உதவாதது மட்டுமல்ல, உபத்திரவமும் செய்கிறது. அந்த 20.7 சதவீதம், தகட்டின் உட்புறம் 25 பாகையில் இருக்கும்போது அளந்தது. இங்கே மதியத்தில் 60 பாகை. ஒவ்வொரு பாகைக்கும் திறனில் ஏறக்குறைய 0.35 சதவீதம் கரைகிறது.

என் வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முன்கூரையில் ஐந்து தகடுகள், தகரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காற்றாட நிற்கின்றன. சமையலறைக் கூரையில் மற்ற ஐந்தும் தகரத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. 25 பாகையில் ஒவ்வொரு வரிசையும் 205 வோல்ட் தர வேண்டும். மதியத்தில் முன்வரிசை 180, பின்வரிசை 172 காட்டுகிறது; மின்னோட்டம் இரண்டிலும் 9.9 ஆம்பியர். பெருக்கிக் கூட்டினால் 3,480 வாட். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 100 வாட்டைச் சூடாக்கிக்கொள்கிறது. ஆக, பெரிய இழப்பு தகட்டிலேயே முடிந்துவிடுகிறது.

இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. வெப்பம் வோல்ட்டைக் குறைக்கும், ஆம்பியரை ஏறக்குறைய தொடாது. அழுக்கு ஆம்பியரைக் குறைக்கும். மழை இல்லாத வாரங்களில், லாரி கிளப்பும் செம்மண் படிந்து ஆம்பியர் 9-க்கு இறங்கியபோது, அதிகாலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்பிவிட்டது. வோல்ட் இறங்கினால் கழுவிப் பயனில்லை. சாய்வு குறைவான கூரையில் தகட்டின் கீழ் விளிம்பில் சேறு கோடாகத் தேங்கும். அந்த இடத்தை மழையும் முழுதாகக் கழுவாது, துணியால் துடைத்தாக வேண்டும்.

புதிதாகப் போடுகிறவர்கள் தாங்கிகளின் உயரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். என் சமையலறை வரிசையை உயர்த்தினால் நண்பகலில் 80 வாட் கிடைக்கும். அந்தக் கூலிக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.