28 வாட் என்றால் என் வீட்டுக்கு என்ன? பிஎல்டிசி ஃபேன் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் ஹாலிலும் இரண்டு படுக்கையறையிலும் சில வருடங்களாக பிஎல்டிசி ஃபேன்தான் ஓடுகிறது, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த ஃபேன். தெரிந்தவர்கள் வாங்கும்போது கூடவே கடைக்கும் போயிருக்கிறேன், எந்தக் கடையிலும் விற்பனையாளர் சொல்வது ஒரே பாட்டுதான்: "28 வாட், 5 ஸ்டார், ரிமோட் இருக்கு, டைமர் இருக்கு, இன்வெர்ட்டருக்கு நல்லது." எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பது தெரிந்துவிடும். கடைசியில் அவர் கேட்பது, "சாதா ஃபேனைவிட ஆயிரத்துச் சொச்சம் கூட ஆகுதே, எதுக்கு?"

அந்த "எதுக்கு"க்கு 28 வாட் என்பது பதில் இல்லை. அது ஃபேனின் அம்சம், எந்த வீட்டில் மாட்டினாலும் மாறாது. அதனால் கிடைக்கும் பயன் வீட்டுக்கு வீடு மாறும், சில வீடுகளில் பயனே இருக்காது. வாங்குபவரிடம் இரண்டு கேள்வி கேட்காமல் பயனைச் சொல்லவே முடியாது என்பதுதான் இத்தனை நாள் பயன்படுத்தியதில் எனக்குத் தெளிவான விஷயம்.

கணக்கைப் பார்ப்போம். பழைய சாதா ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். இது 28. வித்தியாசம் 47 வாட். ஒரு ஃபேன் தினமும் 12 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மாத பில்லுக்கு ஏறக்குறைய 34 யூனிட் மிச்சம். (குறைந்த வேகத்தில் ஓட்டினால் சாதா ஃபேனும் கொஞ்சம் குறைவாகவே இழுக்கும், அதனால் இது முழு வேகக் கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த 34 யூனிட் யாருக்கு எத்தனை ரூபாய்? தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் குறைந்தது முதல் 100 யூனிட்டாவது இலவசம். ஒரே ஆள் இருக்கும் சின்ன வீடு, ரீடிங் 90ஐத் தாண்டுவதில்லை என்றால் அவருக்கு மிச்சம் பூஜ்யம். "கரண்ட் பில் குறையும்" என்று அவரிடம் சொன்னால் அது பொய்.

அதே ஊரில் இன்னொரு குடும்பம், இரண்டு மாத ரீடிங் 540 என்று வையுங்கள். 500ஐத் தாண்டிவிட்டால் மேலே போன 40 யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, 101 முதல் 200 வரை இருக்கும் சலுகையும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் நாலைந்து யூனிட்டில் 500ஐத் தாண்டினாலும் பில் திடீரென்று எகிறுகிறது. இந்த வீட்டில் இரண்டு ஃபேனை மாற்றினால் 68 யூனிட் குறைந்து 472ல் நிற்கும். இவரிடம் வாட் பற்றியே பேச வேண்டாம். "உங்க ரீடிங் 500க்குக் கீழே இறங்கிடும்" என்று சொன்னால் போதும், ஈபி அட்டையை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

வாடகை வீட்டுக்காரர் கதையே தனி. ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்குகிறார் என்றால் இலவச யூனிட் எதுவும் இவர் கைக்கு வராது. 34 யூனிட் என்பது இவருக்கு நேராக 272 ரூபாய். ஆக, குறைவாகப் பயன்படுத்தும் சொந்த வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லாத அதே ஃபேன், அதே அளவு பயன்படுத்தும் வாடகைக்காரருக்குப் போட்ட கூடுதல் காசை ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். ஓனர் மாட்டிய பழைய ஃபேனைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, காலி செய்யும்போது உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய விஷயம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவரிடம் பேச்சு வேறு. நாலு சாதா ஃபேன் 300 வாட், நாலு பிஎல்டிசி 112 வாட். இவருக்குச் சொல்ல வேண்டியது, "ராத்திரி கரண்ட் போனா இப்ப ரெண்டு ஃபேன் போடுற பேட்டரியில நாலும் ஓடும்" என்பதுதான். கரண்ட் அடிக்கடி போகாத தெருவில் இதைச் சொல்லிப் பயனில்லை.

ரிமோட்டை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில் அதிகம் பயன்பட்டது அதுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி. விடியற்காலை மூன்று நான்கு மணிக்குக் குளிர் தட்டும், முன்பெல்லாம் எழுந்து சுவர் வரை நடப்பதற்குச் சோம்பியோ வலித்தோ அப்படியே போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். இப்போது தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து இரண்டு தடவை அழுத்துகிறார், அவ்வளவுதான். "ரிமோட் இருக்கு" என்பதைவிட "ராத்திரி எழுந்திருக்க வேண்டாம்" என்று சொல்லுங்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்காரர் உடனே புரிந்துகொள்வார். டைமரும் அப்படியே, விடியலில் தானாக நிற்க வைக்கலாம்.

வோல்டேஜும் ஒன்று உண்டு. பெட்டியில் 140 முதல் 285 வோல்ட் வரை என்பது போல ஏதாவது போட்டிருக்கும். தெருக்கோடி வீட்டில், சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போடும் நேரத்தில் சாதா ஃபேன் தள்ளாடும், இது வேகம் குறையாமல் சுற்றும். வோல்டேஜ் சீராக வரும் வீட்டில் இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது.

காற்று? இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பழைய ஃபேனும் இதே 1200 மில்லிமீட்டர் அளவுதான், கூடுதல் காற்று என்று எனக்குத் தோன்றவில்லை, குறைவும் இல்லை. "காத்து அள்ளும்" என்று விற்றால் வாங்கியவர் ஒரு வாரத்தில் ஏமாந்ததாக நினைப்பார். காற்று அதேதான், செலவுதான் குறைவு என்பதே நேர்மையான பதில்.

வாங்குபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரோடு இதை ஓட்டக் கூடாது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். ரிமோட் தொலைந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சில மாடலில் சுவிட்சை அணைத்துப் போட்டால் வேகம் மாறும், சிலவற்றில் மாறாது.

பெரிய விஷயம் ரிப்பேர். சாதா ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியனே சின்னச் செலவில் மாற்றிவிடுவார். இதில் உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. எங்கள் ஹால் ஃபேன் ஒரு நாள் ரிமோட்டுக்கு பீப் சத்தம் கொடுத்தது, இறக்கை அசையவில்லை. பேட்டரி மாற்றிப் பார்த்தும் அப்படியேதான். போர்டு போய்விட்டது. வாரண்டி இருந்ததால் காசு ஆகவில்லை, ஆனால் சர்வீஸ் ஆள் வந்து சேரும் வரை ஹாலில் டேபிள் ஃபேன்தான். அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு நிறுத்தாமல், போர்டுக்கும் சேர்த்தா, உங்கள் ஊருக்கு ஆள் வருவார்களா, வாரண்டி முடிந்த பிறகு போர்டு என்ன விலை என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.