நான்கு செமஸ்டராக நான் நம்பியிருக்கும் மதிப்பெண் ஷீட்

இறுதித் தேர்வில் எவ்வளவு எடுத்தால் நினைத்த கிரேடு வரும் என்று சொல்லும் ஒரு ஷீட்டை முதல் செமஸ்டரில் எக்செலில் போட்டேன், இப்போது நான்காவது செமஸ்டரிலும் அதே ஃபைல்தான். ஆனால் முதல் செமஸ்டரில் அது எனக்குச் சொன்னது தப்பான பதில்.

கணக்கு இதுதான். அசைன்மென்டுக்கு 20%, க்விஸுக்கு 10%, மிட் டெர்முக்கு 30%, இறுதித் தேர்வுக்கு 40%. அசைன்மென்டில் 50-க்கு 45, மிட் டெர்மில் 50-க்கு 38 வாங்கியிருந்தேன், க்விஸ் மதிப்பெண் இன்னும் வரவில்லை. இலக்கு 80%. ஷீட் காட்டியது 98%, அதாவது இறுதித் தேர்வில் 60-க்கு 59 வேண்டும். இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம்தான் காரணம் புரிந்தது: வெயிட்டேஜையும் மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டும் SUMPRODUCT, காலி செல்லை பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்கிறது. இன்னும் வராத க்விஸை நான் பூஜ்ஜியம் வாங்கியதாகவே கணக்குப் போட்டிருந்தது. சமன்பாடு ஒன்றுதான், ஆனால் தெரியாதவை இரண்டு, அதில் ஒன்றுக்கு நான் சொல்லாமலே ஒரு மதிப்பு போய்விட்டது.

அதனால் “அனுமானம்” என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். B-யில் வெயிட்டேஜ், C-யில் பெற்றது, D-யில் மொத்தம், E-யில் அனுமானம், F-இல் கணக்குக்குப் போகும் சதவீதம். இரண்டாம் வரி முதல் நான்காம் வரி வரை மற்ற பகுதிகள், ஐந்தாம் வரி இறுதித் தேர்வு, H2-வில் இலக்கு.

```
F2:  =IF(C2="",E2,C2/D2)
H4:  =(H2-SUMPRODUCT(B2:B4,F2:F4))/B5
H5:  =ROUNDUP(ROUND(H4*D5,6),0)
```

F2-வை F4 வரை இழுத்துவிட வேண்டும். க்விஸுக்கு 75% என்று அனுமானம் வைத்ததும் 98% என்பது 79.25% ஆனது. பிறகு உண்மையான மதிப்பெண் 10-க்கு 7 என்று வந்தது, அதை C-யில் போட்டதும் தேவை 80.5%. அதாவது 18 + 7 + 22.8 = 47.8 கையில் இருக்கிறது, மீதி 32.2-ஐ 40-ஆல் வகுத்தால் 0.805.

H5-இல் ROUNDUP போட்டதற்குக் காரணம் உண்டு. 60-க்கு 80.5% என்றால் 48.3. வழக்கம்போல ROUND போட்டால் 48 என்று சொல்லும், ஆனால் 48 வாங்கினால் மொத்தம் 79.8தான், இலக்கு கை நழுவிவிடும். 49 வேண்டும். உள்ளே இருக்கும் ROUND சும்மா இல்லை, தசமப் பிழையால் 48.0000001 போல ஒன்று வந்து 49 ஆகிவிடாமல் தடுப்பதற்காக.

இதையே, இலக்குக்குத் தேவையான எண்ணை எக்செலே தேடித் தரும் Goal Seek வைத்தும் செய்யலாம், முதலில் அப்படித்தான் செய்தேன், இப்போது விட்டுவிட்டேன். அது கண்டுபிடித்த எண்ணை செல்லில் வெறும் எண்ணாக எழுதிவிட்டுப் போய்விடும், மறுகூட்டலில் மிட் டெர்ம் மதிப்பெண் மாறினால் தானாக மாறாது. இன்னொன்று, எக்செலில் அதன் வழக்கமான துல்லியம் 0.001. இலக்கு 0.8 என்று இருக்கும் ஷீட்டில் அது 0.1 சதவீதப் புள்ளி, 0.4-ஆல் வகுத்தால் இறுதித் தேர்வில் 0.25 புள்ளி வரை தள்ளிப்போகலாம். நேர்கோட்டுச் சமன்பாட்டுக்கு அது தேவையே இல்லை.

ஒருமுறை தேவைப்படும் மதிப்பெண் ஒரு லட்சம் சதவீதத்துக்கும் மேல் மைனஸில் வந்தது. பார்த்தால் க்விஸ் செல்லில் அவசரத்தில் 9/10 என்று அடித்திருக்கிறேன், எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டது. தேதி என்பது உள்ளே 45,000-க்கு மேலான ஓர் எண், கூட்டல் எங்கே போகும் சொல்லுங்கள். அன்றே C நெடுவரிசைக்கு Data Validation போட்டேன்: பூஜ்ஜியத்துக்கும் D-யில் உள்ள மொத்தத்துக்கும் இடையில் மட்டும். தேதி இனி உள்ளே நுழையாது. வெயிட்டேஜ் கூடி 100% ஆகிறதா என்பதையும் ஒரு செல்லில் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிச் செமஸ்டரில் பாடத்திட்டம் மாறி ஒரு பகுதியை நீக்கினால் இதுதான் முதலில் உடையும்.

H4 100%-ஐத் தாண்டினால் ஷீட் தப்பில்லை, இலக்குதான் கைக்கு எட்டாதது. மேலே சொன்ன கணக்கில் 90% இலக்குக்கு 105.5% என்று வரும், ஏனென்றால் இறுதித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாலும் 87.8-க்கு மேல் போக முடியாது. மைனஸ் வந்தால், செல்களெல்லாம் சரியாக இருக்கும்பட்சத்தில், இலக்கை ஏற்கனவே தொட்டாயிற்று.

ஆனால் அந்த இடத்தில்தான் ஷீட்டுக்குத் தெரியாத ஒரு விதி இருக்கலாம். சில பாடங்களில் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் இறுதித் தேர்வில் தனியாக 50% வாங்கியாக வேண்டும். இலக்கை 60% என்று வைத்தால் ஷீட் 30.5% போதும் என்கிறது, அதை நம்பிப் படித்தால் அந்தப் பாடத்தில் தோல்வி. H3-இல் அந்தக் குறைந்தபட்சத்தை எழுதி, H4-ஐ இப்படி மாற்றிவிட்டேன்:

```
=MAX(H3,(H2-SUMPRODUCT(B2:B4,F2:F4))/B5)
```

அப்படி ஒரு விதி இல்லாத பாடங்களுக்கு H3-இல் 0 போடுகிறேன்.