கையெழுத்துக் குறிப்பை உள்ளடுக்குப் பட்டியலாக்க எது நல்ல வழி?

வகுப்பில் எழுதிய குறிப்பைப் படம் பிடித்து, தலைப்பு, உட்தலைப்பு, புள்ளி என்று அடுக்கடுக்கான பட்டியலாக மாற்ற நான் மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வது. இரண்டாவது, படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி தரும் இட அளவுகளை வைத்து, எந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்று ஒரு நிரலைக் கணக்கிடச் சொல்வது. மூன்றாவது, படம் எடுக்கும் முன்பே தாளில் பென்சிலால் மட்ட எண் போட்டுவிடுவது. நான் இப்போது மூன்றாவதில்தான் இருக்கிறேன்.

தட்டச்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓரிரண்டு பக்கம்தான் என்றால் அதுவே வேகம். நோட்டு முழுவதும் என்றால் கை ஓய்ந்துவிடும்.

மற்ற இரண்டுக்கும் நடுவே முடிவு செய்வது ஒரே விஷயம்: அடுக்கு. எழுத்துப் பிழை கண்ணில் பட்டுவிடும், அடுக்குப் பிழை படாது. ஒளிச்சேர்க்கைக் குறிப்பில் ஒளி வினை, கால்வின் சுழற்சி இரண்டின் கீழும் 'இடம்' என்று ஒரு வரி வரும். கூகுள் லென்ஸ் போன்ற செயலியில் உரையை நகலெடுத்தால் வரிகள் வரிசையாக வரும், உள்தள்ளல் போய்விடும். 'கால்வின் சுழற்சி' ஒரு மட்டம் கீழே இறங்கிவிட்டால், அது ஒளி வினையின் ஒரு பகுதி என்று பட்டியல் சொல்லும். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும், பாடம் தப்பாக இருக்கும்.

கூகுள் கிளவுட் விஷன் போன்ற சேவைகள் ஒவ்வொரு சொல்லும் படத்தில் எங்கே இருக்கிறது என்று அளவு தரும். வரி தொடங்கும் இடத்தை வைத்து மட்டம் பிரிக்கலாம் என்பது கேட்க அழகான யோசனை. ஆனால் படம் 3 டிகிரி சாய்ந்தாலே, 20 செ.மீ. உயரமுள்ள எழுத்துப் பரப்பில் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் ஏறக்குறைய 1 செ.மீ. விலகல் வந்துவிடும். நாம் உள்தள்ளி எழுதுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஸ்கேன் முறையில் எடுத்தால் தாளின் சாய்வு சரியாகும், கையின் சாய்வு சரியாகாது. கோடில்லாத தாளில் பக்கம் கீழே போகப் போக என் வரிகள் தாமாகவே வலப்பக்கம் நகரும். அப்புறம், நீளமான புள்ளி அடுத்த வரிக்கு மடங்கும்போது பலர் இடது ஓரத்துக்கே போய்விடுவார்கள். நிரல் அதைப் புதுத் தலைப்பு என்று நினைக்கும்.

பென்சில் எண்ணில் இந்தத் தொல்லை இல்லை. தலைப்புக்கு 1, அதன் கீழ் 2, அதற்கும் கீழ் 3. மடங்கிய வரிக்கு எண்ணே கிடையாது. எண்ணை ஓரத்தில் தள்ளி எழுதக் கூடாது, வரியை ஒட்டியே எழுத வேண்டும். இடைவெளி விட்டால் எழுத்துணரி எண்களைத் தனிப் பத்தியாகப் படித்து, எல்லாவற்றையும் மொத்தமாக ஓரிடத்தில் கொட்டிவிடும். சரியாக வந்தால் உரை இப்படி இருக்கும்:

```
1 ஒளிச்சேர்க்கை
2 ஒளி வினை
3 இடம்: தைலகாய்டு சவ்வு
3 வெளிவருவது: ஆக்சிஜன்
2 கால்வின் சுழற்சி
3 இடம்: ஸ்ட்ரோமா
```

முதலில் பென்சில் எண் இல்லாத வரிகளை மேல் வரியோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் '2 மூலக்கூறு' என்று தொடங்கும் மடங்கிய வரி, இரண்டாம் மட்டப் புள்ளியாக மாறிவிடும். எண்ணுக்குப் பின் மிச்சமிருக்கும் பழைய புள்ளி, கோடுகளையும் அப்போதே அழித்துவிடலாம். பிறகு ஒரே கட்டளை, உரை மார்க்டவுன் பட்டியலாக வந்துவிடும்:

```
sed -e 's/^1 /# /' -e 's/^2 /- /' -e 's/^3 /  - /' notes.txt
```

கட்டளை பிடிக்காதவர்கள் எந்த எடிட்டரிலும் 'தேடி மாற்று' வைத்தே இதைச் செய்யலாம். சரிபார்ப்பதும் சுலபம். 1-க்கு அடுத்து நேராக 3 வந்தால் நடுவில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது, அல்லது 2 வேறு எழுத்தாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

எண் போட ஒரு பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எது எதன் கீழ் வரும் என்பதை முடிவு செய்வது எழுதிய ஆளேதான். வகுப்பில் அவசரத்தில் தப்பாக உள்தள்ளியதும் அப்போது சரியாகிவிடும். இட அளவு வழி அதையும் அப்படியே நகலெடுக்கும்.

தாள் கையில் இல்லை, பழைய படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஃபோனில் படத்தின் மீதே விரலால் எண் எழுதிப் பார்க்கலாம். நான் ஒன்றிரண்டு படங்களில்தான் செய்திருக்கிறேன், விரலெழுத்துத் தடிமனாக இருந்தால் முதல் சொல்லை மறைத்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான பழைய படங்கள் கிடந்தால் இட அளவு நிரலைத்தான் நாட வேண்டும். கோடு போட்ட தாளில், நேராக மேலிருந்து எடுத்த படங்களாக இருந்தால் அது ஓரளவு ஒப்பேற்றும்.