மலர்த்தி வைத்த ஒரு சீட்டு: நாலு வருட விஸ்ட் அனுபவம்

பிரிட்ஜ் ஆடிப் பழகிய நாங்கள் நாலு பேர், வாரம் ஒருநாள் விஸ்ட் என்ற சீட்டாட்டம் ஆட ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. பிரிட்ஜுக்கு முன்னோடி இது. 1742-இல் எட்மண்ட் ஹாயில் லண்டனில் விஸ்டுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். ஏலமும், எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்கும் 'டம்மி' கையும் பிற்பாடு பிரிட்ஜோடு வந்தவை. அவை இரண்டும் இல்லாமல் எப்படி ஆடுவது என்ற கேள்விதான் என்னை இதில் இழுத்தது.

எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொன்றாக விழுகிற நாலு சீட்டு சேர்ந்தது ஒரு பிடி. ஆறு பிடிக்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு பிடிக்கும் ஒரு புள்ளி. எல்லோருக்கும் சீட்டுப் போடுகிறவர் கடைசிச் சீட்டை, அதாவது தன்னுடைய பதின்மூன்றாவது சீட்டை, மலர்த்தி வைப்பார். அது எந்த ஜாதியோ அதுதான் துருப்பு, அதாவது மற்ற ஜாதிகளை வெட்டுகிற ஜாதி. முதல் பிடியில் அவர் முறை வரும்வரை அது மேசையிலேயே இருக்கும். பிறகு கையில் சேர்த்துக்கொள்வார். அதன்பின் துருப்பு எது என்று கேட்கலாம், மலர்த்திய சீட்டு எது என்று கேட்கக் கூடாது. முதல் சில மாதங்கள் நான் அதிகம் தோற்றது இதை மறந்துதான். மற்றவர்கள் கையில் உறுதியாக நமக்குத் தெரிகிற ஒரே சீட்டு அது. அதை மறந்தால் மிச்சமெல்லாம் ஊகம்.

ஒரு ஆட்டத்தைச் சொன்னால் விளங்கும். என் வலதுபக்கம் இருந்தவர் சீட்டுப் போட்டார். மலர்த்தியது ஆட்டின் ராஜா, அதனால் ஆட்டின் ஜாதிதான் துருப்பு. என் கையில் ஆட்டின் ஏஸ், ராணி, ஜாக்கி, 6, 4. துருப்பு இவ்வளவு இருக்கிறதே என்று நானே ஏஸை இறக்கியிருந்தால், ராஜா பத்திரமாக ஒளிந்திருந்து பின்னால் ஒரு பிடி எடுத்திருக்கும். என் ஜோடி துருப்பு இறக்கினால்தான் ராஜா எனக்கு முன்னால் ஆட வேண்டிவரும். ஆனால் இதை அவருக்கு எப்படிச் சொல்வது? வாய் திறக்கக் கூடாது.

அதற்குத்தான் 'பீட்டர்' என்ற சைகை. கப்பல் புறப்படப்போகிறது என்று ஏற்றுகிற 'புளூ பீட்டர்' கொடியிலிருந்து வந்த பெயர். தேவையில்லாமல் பெரிய சீட்டை முதலில் போட்டு, அதே ஜாதியில் சின்னதை அடுத்துப் போட்டால், 'துருப்பு இறக்கு' என்று பொருள்.

நான் டைமன் 3 இறக்கினேன். ஜோடி ராஜாவைப் போட, சீட்டுப் போட்டவர் ஏஸால் எடுத்தார். அடுத்து ஸ்பேடு ராஜாவை இறக்கினார். என்னிடம் 8, 5, 3. எட்டைப் போட்டேன். பிறகு ஸ்பேடு ஏஸ் வந்தது, மூன்றைப் போட்டேன். மூன்றாவது ஸ்பேடை என் ஜோடி ராணியால் பிடித்தார். உடனே ஆட்டின் 9 இறக்கினார். வலதுபக்கம் 10, நான் ஜாக்கி. பிடி எனக்கு. என்னிடம் ஒற்றையாக இருந்த கிளாவரைக் கொடுத்து ஜோடியின் ஏஸுக்குப் போனேன். மறுபடி அவர் ஆட்டின் 5 இறக்க, வலதுபக்கம் 7, நான் ராணி. அடுத்து ஏஸை இறக்கியதும் ராஜா தானாக விழுந்தது. துருப்பில் ஒரு பிடிகூட எதிரணிக்குப் போகவில்லை. "எட்டுக்கு அப்புறம் மூணு விழுந்ததும் புரிஞ்சுடுச்சு" என்றார் ஜோடி.

பிரிட்ஜ் பழக்கம் இங்கே காலை வாரும். அங்கே பெரியது, சின்னது என்று போட்டால் பெரும்பாலும் 'இந்த ஜாதியில் இரண்டே சீட்டு' அல்லது 'இதையே தொடர்ந்து ஆடு' என்று அர்த்தம். எங்களில் ஒருவர் ஒரு வருடம்வரை அப்படியே படித்து, கேட்காத வெட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'இரண்டாவது ஆள் சின்னது, மூன்றாவது ஆள் பெரியது' என்ற வழக்கம் மட்டும் இரண்டிலும் அப்படியே செல்லும்.

எனக்குள்ள குறை இரண்டு. சீட்டுப் போடுகிறவருக்கு ஒரு துருப்பு நிச்சயம். கணக்குப் போட்டால் சராசரியாக அவருக்கு ஏறக்குறைய 3.8 துருப்பு, மற்றவர்களுக்கு மூன்றுக்குச் சற்று மேல். ஆளுக்கு ஆள் முறை மாறுவதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது 'ஹானர்ஸ்' புள்ளி. துருப்பில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி நாலும் ஒரே ஜோடியிடம் வந்துவிட்டால், ஐந்து புள்ளி ஆட்டத்தில் சும்மாவே நாலு புள்ளி. நன்றாக ஆடியவர்கள் தோற்று எழுவதை இரண்டு வருடம் பார்த்துவிட்டு, அந்தப் புள்ளியை நிறுத்தி, அமெரிக்க முறைப்படி ஏழு புள்ளிக்கு ஆடுகிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே அப்படி ஆடுங்கள்.