சிஜிபிஏவா, சதவீதமா: பட்டச் சான்றிதழில் இருப்பதை விண்ணப்பத்தில் எழுதும் முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் பட்டம் முடித்து வேலைக்கு விண்ணப்பிப்போர் பலர், சான்றிதழில் சிஜிபிஏ மட்டும் இருக்க, படிவம் சதவீதத்தைக் கேட்கும்போது திகைத்து நிற்கிறார்கள்.

துல்லியம்: சதவீதம் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கணக்கில் கொள்கிறது. சிஜிபிஏ அவ்வாறு அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் 81 பெற்றவருக்கும் 90 பெற்றவருக்கும் ஒரே 9 புள்ளிதான். எல்லாப் பாடத்திலும் 81 வாங்கியவரின் சிஜிபிஏ 9; பத்தால் பெருக்கினால் 90. ஆகவே மாற்றிய சதவீதம் அவர் எடுத்த உண்மையான மதிப்பெண் அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாடத்தின் எடை: சிஜிபிஏவில் புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பதால், 4 கிரெடிட் பாடம் 2 கிரெடிட் ஆய்வகத்தைவிட இருமடங்கு செல்வாக்குப் பெறுகிறது.

மாற்றுதல்: சிக்கல் இங்குதான். 6.6 சிஜிபிஏவைப் பத்தால் பெருக்கினால் 66. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயின் கையேட்டில் இருந்த முறைப்படி 0.75 கழித்துப் பத்தால் பெருக்கினால் 58.5; பள்ளித் தேர்வுக்காக சிபிஎஸ்இ வகுத்த 9.5ஆல் பெருக்கினால் 62.7. தகுதி வரம்பு 60 எனில், ஒரே மாணவர் ஒரு முறையில் தகுதி பெற்று, மற்றொன்றில் இழக்கிறார். எனவே பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் சூத்திரத்தையே பயன்படுத்த வேண்டும். அது பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

படிவம் சிஜிபிஏவை ஏற்குமானால் மாற்றாமல் அப்படியே எழுதுவதே நல்லது. சதவீத வரம்பு வைத்த அரசுப் பணிகளுக்கு, பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் தடை வராது.