முதலீடு கிடைத்த ஸ்டார்ட்அப் நிறுவனருக்கு எந்த மெசேஜ்?

உணவகங்களுக்கு பில்லிங் ஆப் விற்கும் ஒரு சின்ன கம்பெனி, புதிதாக முதலீடு வாங்கிக் கேரளாவுக்குள் நுழைகிறது என்று செய்தி வருகிறது என வைத்துக்கொள்வோம். நீங்கள் கஸ்டமர் சப்போர்ட் வேலை தெரிந்தவர். நிறுவனருக்கு எழுத மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி எல்லாரும் செய்வது: வாழ்த்து சொல்லி, ரெஸ்யூமை இணைத்து, 'ஏதாவது வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்று முடிப்பது. எழுத இரண்டு நிமிடம் போதும், ஆனால் உங்களை எங்கே பொருத்துவது என்று யோசிக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். அந்த வாரம் அவருக்கு வருகிற மெசேஜ்களில் பாதி இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, ஆப்பை அலசி ஏழெட்டுக் குறைகளைப் பட்டியல் போட்டு அனுப்புவது. உழைப்பு தெரியும், சரி. ஆனால் அதில் பாதி அவர்களுக்கே தெரிந்ததாக இருக்கும், மீதி வேண்டுமென்றே தள்ளிவைத்ததாக இருக்கும், படிப்பவருக்கு உதவி என்பதைவிடக் குற்றப்பத்திரிகை என்றே படும்.

மூன்றாவது, ஒரே ஒரு உதவி. எனக்கு இதுதான் சரி. பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் ரிவ்யூக்களைப் புதியவை முதலில் வருமாறு வைத்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டும் படியுங்கள். 'பிரிண்டரில் பில் சரியாக வரவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்தால் அங்கே நில்லுங்கள். கடைகளில் இருப்பது பெரும்பாலும் 58 மி.மீ. அல்லது 80 மி.மீ. அகலத் தாளில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர், முதலாவதில் ஒரு வரிக்குச் சுமார் 32 எழுத்து, இரண்டாவதில் சுமார் 48. பெரியதுக்கு அமைத்த பில்லைச் சின்னதில் அடித்தால் விலை அடுத்த வரிக்கு ஓடிவிடும். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றில் மலையாள எழுத்துரு கிடையாது, பில்லைப் படமாக மாற்றி அனுப்பாவிட்டால் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிதான் வரும். கேரளாவுக்குப் போகிறவர்களுக்கு இது நாளைக்கே வரப்போகிற தலைவலி. அப்புறம் இப்படி எழுதலாம்:

'வணக்கம். கேரளா செய்தி பார்த்தேன், வாழ்த்துகள். சமீபத்திய ரிவ்யூக்களில் பிரிண்டர் புகார் அதிகம் வருகிறது. 58 மி.மீ. பிரிண்டரில் மலையாளப் பெயர்களோடு சோதித்து, கடைக்காரர் தானே சரிசெய்துகொள்ள ஒரு பக்க வழிகாட்டி எழுதித் தருகிறேன். முதல் பத்தியை எழுதி இணைத்திருக்கிறேன். சப்போர்ட் டீமில் யாரிடம் பேசட்டும்?'

இதன் பலம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது: நிறுவனர் எதையும் முடிவு செய்ய வேண்டாம், அப்படியே சப்போர்ட் தலைவருக்கு ஃபார்வர்டு செய்தால் போதும். முதல் வழியில் எழுதிய மெசேஜை யாருக்கு ஃபார்வர்டு செய்வார், சொல்லுங்கள்?

செய்தி வந்த அன்றே அனுப்பாதீர்கள், வாழ்த்து வெள்ளத்தில் போய்விடும். நான்கைந்து நாள் விடுங்கள். லிங்க்ட்இன் அழைப்புக் குறிப்பில் இவ்வளவும் அடங்காது, அதனால் இமெயில் மேல்.

மூன்றாவது வழி எடுபடாத இடமும் உண்டு. கம்பெனியில் நூற்றுக்கணக்கானோர் இருந்தால் நிறுவனரை விட்டுவிட்டு நேரே சப்போர்ட் தலைவருக்கே எழுதுங்கள். அந்த வேலைக்கு விளம்பரமே வந்திருந்தால் முறைப்படி விண்ணப்பித்துவிட்டு, அதே பத்தியை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.