ஒரே இயந்திரம், இரண்டு லாபம்: விகிதங்களை வைத்து நிறுவனங்களை ஒப்பிடுவது எப்படி?

கணக்குக்காக இரண்டு நூற்பாலைகளைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டும் ஒரே நாளில் 10 கோடி ரூபாய்க்கு ஒரே இயந்திரங்களை வாங்குகின்றன. தேய்மானத்துக்கு முன் இரண்டுக்கும் ஆண்டு லாபம் 4 கோடி. இயந்திரம் தவிர்த்த முதலீடு 6 கோடி, அது மாறாமலே இருக்கிறது. கைக்கு வரும் பணத்தில் ஒரு ரூபாய்கூட வேறுபாடு இல்லை.

முதல் ஆலை நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 1 கோடி தேய்மானம் எழுதுகிறது. இரண்டாவது ஆலை குறைந்துசெல் மதிப்பு முறையில், எஞ்சிய மதிப்பில் 25 சதவீதம் எழுதுகிறது. இரண்டுமே சட்டத்துக்கு உட்பட்டவைதான். ஆண்டு இறுதி முதலீட்டின் மீதான லாப விகிதம் இப்படி வருகிறது:

| ஆண்டு | நேர்கோட்டு ஆலை | குறைந்துசெல் ஆலை |
|---|---|---|
| 1 | 20.0% | 11.1% |
| 3 | 23.1% | 25.4% |
| 5 | 27.3% | 38.3% |

முதல் ஆண்டில் படிப்பவர் முதல் ஆலையின் நிர்வாகத்தைப் புகழ்வார். ஐந்தாம் ஆண்டில் படிப்பவர் இரண்டாவதன் பங்கை வாங்கச் சொல்வார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: முதல் ஆலையின் லாபம் ஐந்து ஆண்டுகளும் அதே 3 கோடிதான். தேய்மானத்தால் விகிதத்தின் பகுதி, அதாவது கீழே நிற்கும் முதலீடு, சுருங்கியதால் மட்டுமே விகிதம் ஏறியிருக்கிறது. பழைய இயந்திரத்தோடு ஓடும் ஆலை திறமையானதாகத் தெரிவதற்கு இதுவே போதும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. சோம்பேறி வழி, வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றுக்கு முந்தைய லாபத்தை, அதாவது எபிட்டாவை ஒப்பிடுவது. நம் ஆலைகளுக்கு அது சரியாகவே வேலை செய்யும்: இரண்டும் 4 கோடி. ஆனால் செலவையே சொத்தாக எழுதிவிடுபவரிடம் இது ஏமாந்துவிடும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம் பிற நிறுவனங்களின் தொலைபேசி இணைப்புகளுக்குக் கொடுத்த கட்டணத்தைச் செலவில் காட்டாமல் மூலதனக் கணக்கில் ஏற்றியது. 2002 ஜூனில் அது வெளிவந்தபோது தொகை சுமார் 380 கோடி டாலர். அப்படி ஏற்றிய தொகை முழுவதும் எபிட்டாவை ஊதிப் பெரிதாக்கியிருந்தது.

நான் பரிந்துரைப்பது உழைப்பு கேட்கும் இரண்டாவது வழி: ஒரு நிறுவனத்தின் கணக்கை மற்றதன் கொள்கைக்கு மாற்றி எழுதுவது. ஆண்டறிக்கைக் குறிப்புகளில் நிலைச் சொத்துகளின் அசல் விலை, அந்த ஆண்டில் சேர்ந்தவை, இதுவரை எழுதிய தேய்மானம் எல்லாம் இருக்கும். அசல் விலையை ஆயுளால் வகுத்தால் நேர்கோட்டுத் தேய்மானம் கிடைத்துவிடும். சொத்துகளின் வயது துல்லியமாகத் தெரியாததால் விடை தோராயமாகத்தான் வரும். ஆனாலும் 11க்கும் 20க்கும் உள்ள இடைவெளி திறமையால் வந்ததா, கொள்கையால் வந்ததா என்று சொல்லிவிட முடியும்.

விண்டோ டிரெஸ்ஸிங் வேறு வகை. அங்கே கொள்கை மாறுவதில்லை, மார்ச் 31 மட்டும் ஒப்பனை செய்துகொள்கிறது. நடப்புச் சொத்து 6 கோடி, நடப்புப் பொறுப்பு 4 கோடி என்றால் விகிதம் 1.5. மார்ச் 30 அன்று கையிலிருக்கும் 2 கோடியைப் பஞ்சு வியாபாரிகளுக்குக் கொடுத்தால் 4க்கு 2. விகிதம் 2 ஆகிவிடும். ஏப்ரலில் மறுபடி கடனுக்குப் பஞ்சு வாங்கினால் பழைய நிலை. விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கும் நிறுவனம் இதைச் செய்யாது, அதற்குப் பலன் எதிராகப் போகும்: 3க்கு 4 என்பது, 1 கோடி கொடுத்தபின் 2க்கு 3 ஆகி, 0.75 இலிருந்து 0.67க்கு இறங்கும். அத்தகைய நிறுவனம் மார்ச்சில் பாக்கியை இழுத்தடிக்கும்.

இதைப் பிடிக்க எனக்குப் பிடித்த கருவி வட்டிக் கணக்கு. ஆண்டு இறுதிக் கடன் 6 கோடி, ஆண்டு முழுவதும் கட்டிய வட்டி 1.2 கோடி என்றால் வட்டி வீதம் 20 சதவீதம். வங்கி 10 சதவீதத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது என்றால் சராசரிக் கடன் 12 கோடியாக இருந்திருக்க வேண்டும். கடைசி மாதங்களில் உண்மையாகவே கடனை அடைத்திருக்கவும் கூடும். செப்டம்பர் இறுதி அரையாண்டுக் கணக்கில் கடன் மறுபடி ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் இப்படிப் பிடித்துவிட முடியாது. 2008இல் திவாலான அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் ரெப்போ 105 என்ற ஏற்பாட்டில், பத்திரங்களை அடகு வைத்துக் குறுகிய காலக் கடன் வாங்கி, அதை விற்பனையாகப் பதிந்தது. வந்த பணத்தில் பிற கடன்களை அடைத்தது. 2008 மே இறுதியில் அந்தத் தொகை சுமார் 5,000 கோடி டாலர். 13.9 ஆக இருந்திருக்க வேண்டிய கடன்சுமை விகிதம் 12.1 என்று அறிக்கையில் வந்தது. அந்த ஏற்பாட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 2010 மார்ச்சில், திவால் நீதிமன்றம் நியமித்த ஆய்வாளரின் அறிக்கை மூலமே அது வெளியாருக்குத் தெரிந்தது.